அம்மப்பாவின் நெற்றியில் ஒரு வெள்ளை வட்டம்

படங்களுக்கு மேலே பொருத்தும் எல்.இ.டி. ஸ்பொட் லைட்டின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் அதே விளக்கு, அம்மப்பா, அம்மம்மாவின் திருமணப் படத்தின்மேல் மூன்று ஆண்டுகளாக எரிகிறது. அது ஸ்டூடியோக்காரர் கையால் வர்ணம் தீட்டிய கறுப்பு வெள்ளைப் படம். அம்மம்மாவின் சேலைக்கரை சிவப்பு என்பதை, நிறங்களை உள்ளபடி காட்டும் (சீ.ஆர்.ஐ. 90க்கு மேற்பட்ட) இந்த விளக்கில்தான் முதன்முதலாகக் கண்டேன். அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆனால் படத்தை நெருங்கினால் அம்மப்பாவின் நெற்றியில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். வலுக்குறைந்த குமிழை மாட்டியபோதும் வட்டம் மங்கியதே தவிர, இடம் மாறவில்லை. கோளாறு குமிழில் அன்று, கோணத்தில்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் சீலிங் 10 அடி உயரம், படத்தின் நடுப்பகுதி 6 அடி உயரம். விளக்கைப் பொருத்தியவரோ சுவரிலிருந்து 5 அடி தள்ளித் துளையிட்டிருந்தார். அங்கிருந்து சாய்வாக வரும் ஒளி கண்ணாடியில் பட்டு, எதிரே நிற்பவரின் கண்ணுக்கே திரும்புகிறது. ஒளி செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து விழ வேண்டும் என்பது நடைமுறை. அதற்கு உயர வித்தியாசமான 4 அடியை 30 பாகையின் தான்சன் பெறுமானமான 0.58ஆல் பெருக்கினால், விளக்கு சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 2 அடி 4 அங்குலம் என்று வரும். அளந்து பார்க்காமல் துளையிட்டதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. விளக்கை அங்கே மாற்றி, ஊர் வீட்டில் மாட்டியிருந்ததுபோலப் படத்தின் மேற்புறத்தைக் கயிற்றால் சற்று முன்னே சரித்த பிறகு, வட்டம் மறைந்தது.

அந்த வேலைக்காகப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது, சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த பகுதியில் படத்திலுள்ள கம்பளத்தின் பச்சை அடர்த்தியாகவும், வெளியே தெரிந்த பகுதியில் வெளிறியும் இருந்தது. ஊர் வீட்டு யன்னல் வெயில் பல ஆண்டுகள் பட்ட படம் அது. ஆகவே பழி முழுவதையும் விளக்கின்மேல் போடுவது நியாயமன்று. ஆயினும் எல்.இ.டி. படத்தைப் பாதிக்காது என்று கடையில் சொன்னது பாதி உண்மைதான். புற ஊதாக் கதிர் அதில் மிகக் குறைவு; ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளிறச் செய்யும். ஒளியின் அளவும் அது எரியும் நேரமும் சேர்ந்தே சேதத்தைத் தீர்மானிக்கின்றன: 200 லக்ஸ் ஒளியில் ஒரு மணி நேரமும், 50 லக்ஸில் நான்கு மணி நேரமும் ஏறத்தாழ ஒன்றே. அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களுக்கு 50 லக்ஸையே வரம்பாகக் கொள்கின்றன. கைப்பேசிச் செயலியில் பார்த்தபோது, எங்கள் படத்தின்மேல் ஏறத்தாழ 300 லக்ஸ் விழுந்துகொண்டிருந்தது.

இப்போது சுவரில் தொங்குவது ஸ்கேன் செய்து அச்சிட்ட பிரதி. மூலப் படம் அமிலமற்ற தாளில் சுற்றப்பட்டு அலுமாரியில் இருக்கிறது. விளக்கில் குறையில்லை, ஆயினும் மூலப் படத்துக்கென்றால் வாங்க வேண்டாம் என்றுதான் நண்பருக்குச் சொன்னேன்.