7520U, 5500U: எந்த இலக்கம் எதைச் சொல்கிறது?

என் லேப்டாப்பில் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5500U சிப். 2021-இல் வாங்கினேன், இன்றும் அன்றாட வேலை அதில்தான் நடக்கிறது. தங்கை மகள் 2023-இல் கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு வாங்கியது ரைசன் 5 7520U. "இது ஏழாயிரம் சீரீஸ் சார், உங்களோடது ஐயாயிரம்" என்றார் கடைக்காரர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்வது நான்தான் என்பதால், வேறுபாடு என்ன என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது.

முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. பிரவுசர், பாடக் குறிப்பு, வீடியோ வகுப்பு எல்லாம் நன்றாகவே ஓடின. சத்தம் இல்லை, சூடு இல்லை, சார்ஜும் என்னுடையதைவிட அதிக நேரம் நின்றது. மொபைல் செயலிகளை எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வந்த பிறகுதான் கேள்வி எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சின்ன மொபைல் செயலி ஒன்றை இரண்டு மெஷினிலும் முதலிலிருந்து பில்ட் செய்து, அதாவது எழுதிய நிரலை ஓடும் செயலியாக மாற்றிப் பார்த்தோம். என்னுடையதில் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. அவளுடையது ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. திரையில் ஒரு மொபைலைப் போலவே ஓடும் எமுலேட்டரையும் திறந்து வைத்தால் மவுஸ் நகர்வதே தாமதமானது.

"மாமா, என்னோடதுதானே புதுசு? அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் இரண்டிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு பக்கத்தைப் பார்த்தோம். கோர், அதாவது சிப்புக்குள் கணக்கிடும் அலகு, எத்தனை, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசையான த்ரெட் எத்தனை என்பது பவர்ஷெல்லில் ஒரு வரி அடித்தாலும் வரும்:

```
Get-CimInstance Win32_Processor | Select Name, NumberOfCores, NumberOfLogicalProcessors
```

என்னுடையதில் 6 கோர், 12 த்ரெட். அவளுடையதில் 4 கோர், 8 த்ரெட். சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் என்னுடையதில் 8 எம்பி, அவளுடையதில் 4 எம்பி. இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றே: ரைசன் 5. அந்த "5" ஒரு விலைத் தட்டைச் சொல்கிறதே தவிர, கோர் எண்ணிக்கையை உறுதி செய்வதில்லை.

சரி, கோர் குறைந்தாலும் ஒவ்வொரு கோரும் இரண்டு தலைமுறை புதியதாக இருக்குமே என்று நினைத்தேன். அதுவும் இல்லை. 5500U-வில் இருப்பது ஜென் 2 என்ற கட்டமைப்பில் அமைந்த கோர். 7520U-விலும் அதே ஜென் 2. இதை ஏஎம்டி மறைக்கவில்லை. 2022 செப்டம்பரில், 7000 வரிசை மொபைல் சிப்புகளுக்கான பெயர் முறையை அவர்களே வட்டப் படமாக வெளியிட்டிருந்தார்கள். அதன்படி முதல் இலக்கம் வரிசைக்கான ஆண்டு. 7 என்றால் 2023. இரண்டாவது சந்தைத் தட்டு. மூன்றாவதுதான் கோரின் கட்டமைப்பு: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3 அல்லது ஜென் 3+, 4 என்றால் ஜென் 4. நான்காவது இலக்கம் 0 அல்லது 5, ஒரே கட்டமைப்புக்குள் கீழ்ப்படி, மேல்படி. கடைசி எழுத்து மின்சார அளவு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். 7520U என்றால் ஏழு, ஐந்து, இரண்டு, பூஜ்யம்: 2023-க்கான வரிசை, நடுத்தட்டு, ஜென் 2. 7530U என்றால் ஜென் 3. 7535U என்றால் அதன் மேல்படியான ஜென் 3+. 7640U என்றால் ஜென் 4. கடையில் 7520U-வுக்கும் 7530U-வுக்கும் பத்துதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் 7530U-வில் 6 கோர், 12 த்ரெட், 16 எம்பி எல்3 கேஷ். கேஷ் மட்டுமே நான்கு மடங்கு. இந்தப் பத்து எண் வித்தியாசம் தெரிந்திருந்தால் அன்று நான் இன்னொரு மாடலைக் கேட்டிருப்பேன்.

ஆனால் இந்தச் சாவியை எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்க்கக் கூடாது. 7000, 8000 வரிசை மொபைல் ரைசன்களுக்குத்தான் இது. 8840U-வில் மூன்றாவது இலக்கம் 4, ஜென் 4, பொருந்துகிறது. என் 5500U-வில் மூன்றாவது இலக்கம் பூஜ்யம்; அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஐயாயிரம் வரிசையில் இரண்டாவது இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்: 5300U, 5500U, 5700U மூன்றும் ஜென் 2, 5400U, 5600U, 5800U மூன்றும் ஜென் 3. இந்த ஆறில் ஒற்றைப்படை பழையது, இரட்டைப்படை புதியது. பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். 5700U-வை விட்டு 5600U-வை எடுப்பது ஒற்றைக் கோர் வேகத்துக்கு நல்ல முடிவாக இருக்கலாம், பெயர் அப்படிச் சொல்லாவிட்டாலும்.

7520U-வுக்கு நியாயமும் செய்ய வேண்டும். உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், என்னுடையதில் 4.0. ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு ஃபைலைத் தேடுவது போன்ற வேலைகளில் அது பின்தங்கவில்லை. அதன் கிராபிக்ஸ் புதிய தலைமுறை என்பதால் ஏவி1 என்ற புதிய வடிவ வீடியோவைத் தானே டீகோட் செய்கிறது. என்னுடையதில் அந்த வசதி இல்லாததால் அந்தச் சுமை கோர்கள் மேல் விழுகிறது. அவளுக்கு சார்ஜ் அதிக நேரம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வீடியோ பார்க்க, எழுத, படிக்க என்று மட்டும் இருந்திருந்தால் அது நல்ல தேர்வுதான்.

பில்ட் நேரத்தில் உண்மையாகவே இடித்தது ரேமும்தான். 7520U ஏற்கும் LPDDR5 ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வரும். அவளுடையதில் 8 ஜிபி, அதில் கொஞ்சத்தை கிராபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது. என்னுடையதில் காலியாக ஒரு ஸ்லாட் இருந்தது, முன்பே இன்னொரு 8 ஜிபி போட்டிருந்தேன். ஆகவே அந்த ஐந்து நிமிடத்துக்கு முழுப் பொறுப்பையும் சிப் பெயர் மேல் போட மாட்டேன். ஆனால் ரேமைக் கூட்ட வழியில்லாமல் போனதற்கும் தேர்ந்தெடுத்த சிப்தானே காரணம்.

இன்டெல் பக்கம் எழுத்துதான் முக்கியம் என்று கற்றுக்கொண்டது அலுவலகத்தில். எனக்குக் கொடுத்த லேப்டாப்பில் i5-1235U, பக்கத்து இருக்கை நண்பருடையதில் i5-12450H. முதலில் எண்ணைப் படிக்கும் முறை. 1 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. ஆக இரண்டுமே 12-ஆம் தலைமுறை. 8250U போல 6 முதல் 9 வரை உள்ள இலக்கத்தில் தொடங்கினால் முதல் ஒன்று மட்டும். 8250U-வை 1235U-வைவிடப் பெரியது என்று ஒருவர் எடுத்துவிடக் கூடாது. இரண்டுக்கும் நான்கு தலைமுறை வித்தியாசம்.

இப்போது எங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழப்பம் நன்றாகத் தெரியும். என்னுடையதில் 10 கோர், அவருடையதில் 8 கோர். த்ரெட் இரண்டிலும் 12. உச்ச வேகம் இரண்டிலும் 4.4 கிகாஹெர்ட்ஸ். எல்3 கேஷ் இரண்டிலும் 12 எம்பி. பட்டியலைப் பார்த்தால் என்னுடையதுதான் மேல். ஆனால் என் பத்தில் பெரிய கோர் இரண்டுதான், மற்ற எட்டும் சிக்கனக் கோர்கள். அவருடைய எட்டில் பெரியது நான்கு. பெரிய கோர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு த்ரெட், சிறியதற்கு ஒன்று என்பதால் கூட்டினால் இரண்டும் பன்னிரண்டில் வந்து நிற்கின்றன.

அதற்கும் மேலே மின்சாரம். என் U சிப்புக்கு அடிப்படை 15 வாட், அவருடைய H சிப்புக்கு 45 வாட். என் மெஷினில் ஒரு நீண்ட வீடியோவை மாற்றக் கொடுத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் அரை நிமிடம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே நின்றது. பிறகு படி இறங்குவது போல இறங்கி, 2-க்குப் பக்கத்தில் வந்து அங்கேயே நின்றது. சிப் சூடாகிக் கெட்டுப்போகவில்லை. கொஞ்ச நேரம் அதிக வாட் எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் நிலையான அளவுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் அதற்கு விதித்த விதி. நண்பருடைய மெஷினில் அந்த இறக்கம் சிறியதாக இருந்தது, ஃபேன் சத்தம் பெரியதாக இருந்தது. சார்ஜர் இல்லாமல் கூட்டத்துக்கு எடுத்துப் போனால் அவர்தான் முதலில் பிளக் தேடுவார்.

எனவே பில்ட், ரெண்டர் போல நிமிடக்கணக்கில் ஓடும் வேலைக்கு H, சில நொடிகளில் முடிந்துவிடும் வேலைகளுக்கு U என்று பிரித்துக்கொள்கிறேன். 12, 13-ஆம் தலைமுறையில் P என்ற எழுத்தும் உண்டு, அடிப்படை 28 வாட், நடுவில் நிற்பது. இவற்றிலும் ஓர் எல்லை இருக்கிறது. சிப் எத்தனை வாட் எடுக்கலாம் என்பதை லேப்டாப் செய்பவர் கூட்டவும் குறைக்கவும் முடியும். மெல்லிய உடம்பில் அடைத்த H, தடித்த உடம்பில் உள்ள P-யைவிட மெதுவாகவும் ஓடலாம். அதைப் பெயரிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை, அதே மாடலை அரை மணி நேரம் சுமையில் ஓடவிட்ட பரிசோதனையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் விஷயத்திலும் எழுத்தை நம்பி முடிவு கட்ட முடியாது. i5-12450H-இன் உள் கிராபிக்ஸில் கணக்கிடும் யூனிட் 48, என் 1235U-வில் 80. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத H மெஷினை யாராவது விளையாட்டுக்காக வாங்க நினைத்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

தங்கை மகளின் 7520U இப்போதும் அவளிடம்தான் இருக்கிறது. எமுலேட்டரை விட்டுவிட்டு, கேபிளில் சொந்த மொபைலை இணைத்துச் செயலியைச் சோதிக்கிறாள். அதனால் பில்ட் நடக்கும்போது ரேம் நிரம்பி வழிவது நின்றுவிட்டது, அதே செயலி இப்போது நான்கு நிமிடத்துக்குள் முடிகிறது. இறுதியாண்டுக்கு வேறு மெஷின் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். போன வாரம் அவளே ஒரு பட்டியல் அனுப்பினாள். எல்லா மாடலிலும் மூன்றாவது இலக்கத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் ரேம் ஸ்லாட் எத்தனை என்றும் எழுதியிருந்தாள்.