ஃபேக்டரி யார்டு கான்கிரீட்டுக்கு ஆன்லைனில் ஜாயிண்ட் லேஅவுட் வாங்கி 1,80,000 ரூபாய் போனது – தயவுசெய்து படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கோயம்புத்தூர் பக்கம் சின்னதாக ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துகிறோம். போன வாரம்தான் யார்டில் மூன்று கான்கிரீட் பேனலை உடைத்து அள்ளினோம். பிரேக்கர் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

யார்டு 45 மீட்டர் நீளம், 22.5 மீட்டர் அகலம். 200 மி.மீ. தடிமனில் கான்கிரீட் போட முடிவு செய்தோம். கான்கிரீட்டைப் பேனல்களாகப் பிரிக்கும் ஜாயிண்ட் எங்கே வரும், எந்த இடத்தில் என்ன கம்பி, மேலே இடைவெளியை அடைக்க என்ன சீலண்ட் என்று ஒரு தெளிவான குறிப்பு வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நான் தேடிப் போனது, பொறியாளர்கள் பணம் வாங்கிக்கொண்டு டிராயிங் போட்டுத் தரும் ஒரு இணையதளம். பெயர் சொல்லவில்லை. அங்கே இருந்த ஒருவர் போனில் பேசினார். பேசியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், உங்க ஃபோர்க்லிஃப்ட்ல முன் சக்கரம் ஒன்றுக்கு எவ்வளவு பாரம் வரும்?" அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. விஷயம் தெரிந்தவர் என்று அந்த ஒரு கேள்வியிலேயே நம்பிவிட்டேன். 20,000 ரூபாய் முழுவதையும் முன்பணமாகக் கட்டினேன்.

மூன்றாம் நாள் குறிப்பு வந்தது. ஆறு பக்கம், பார்க்க அழகாக இருந்தது. 4.5 மீட்டர் அகலத்தில் ஐந்து வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 7.5 மீட்டருக்கு ஒரு குறுக்கு ஜாயிண்ட், மொத்தம் 30 பேனல். எல்லா ஜாயிண்டிலும் 12 மி.மீ. டி.எம்.டி. கம்பி, 600 மி.மீ. இடைவெளியில். சீலண்டுக்கு எல்லா இடத்திலும் சூடாக ஊற்றும் தார். நாலாவது பக்கத்தில் 'எடை மேடையைச் சுற்றி' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் யார்டில் எடை மேடையே கிடையாது. வேறு யாருக்கோ போட்டதை அளவு மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கை தவறி வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கான்கிரீட் போட்டு 14 நாள் தண்ணீர் கட்டினோம். அப்புறம் ஐந்து நாள் கழித்து ஒரு காலை, தரை முழுக்கக் காய்ந்து வெளுத்திருக்க, கேட் பக்கத்துப் பேனலில் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றது. டேப் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஜாயிண்டுக்கும் சரியாக நடுவில், 3.75 மீட்டரில். ஒரு மாதத்துக்குள் 11 பேனலில் அதே இடத்தில் விரிசல்.

அந்த இணையதளத்தில் புகார் போட்டால் முதல் பதில், "உங்க ஆட்கள் கட்டர் லேட்டா போட்டிருப்பாங்க." காலை 9 மணிக்கு முடித்த வரிசையை அன்று இரவு 7 மணிக்கே 50 மி.மீ. ஆழத்துக்கு அறுத்துவிட்டோம். தேதி, நேரத்தோடு படம் அனுப்பினேன். அடுத்த பதில், "திருத்தம் கேட்க ஏழு நாள்தான், அது முடிஞ்சிடுச்சு." கான்கிரீட் ஏழு நாளில் விரிசல் காட்டவில்லையே, நான் என்ன செய்வது? மூன்றாவது, அந்தப் பொறியாளர் இப்போது தளத்தில் இல்லையாம். நாலாவதாக, "சைட் வேலைக்கு நாங்கள் பொறுப்பல்ல." அதற்குப் பிறகு பதிலே இல்லை.

கடைசியில், நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். குறிப்பை ஒரு நிமிடம்தான் பார்த்தார். யார்டின் ஓரத்துக்குப் போய், ஸ்லாப்பின் பக்கவாட்டைத் துடைத்துக் காட்டினார். கட்டர் போட்ட கோடு மேலிருந்து 50 மி.மீ. இறங்கி நின்றுவிட்டது. அதற்குக் கீழே விரிசல் இல்லை. "இது ஜாயிண்டே இல்லை தம்பி, வெறும் கீறல்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். கான்கிரீட் காயும்போது சுருங்கும், அடித்தரை அதை நகரவிடாமல் பிடிக்கும். எங்கேயாவது பிளந்தாக வேண்டும். அறுத்த கோட்டுக்கு அடியில் பிளக்கட்டும் என்றுதான் கட்டரே போடுகிறோம். எங்கள் குறுக்கு ஜாயிண்டில் போட்டது வரி உள்ள கம்பி. அது இரண்டு பக்கக் கான்கிரீட்டையும் கவ்விப் பிடித்து ஜாயிண்டைத் திறக்கவிடவில்லை. அந்தக் கம்பி டை பார். பக்கத்துப் பக்கத்து வரிசைகள் விலகாமல் கட்டி வைக்க அது சரி. குறுக்கு ஜாயிண்டுக்கு வேண்டியது டவல் பார். வரி இல்லாத வழவழப்பான உருண்டைக் கம்பி, 200 மி.மீ. ஸ்லாப்புக்கு 25 மி.மீ. கனம், 450 மி.மீ. நீளம், 300 மி.மீ.க்கு ஒன்று. 4.5 மீட்டர் வரிசைக்கு 15 கம்பி. ஒரு பாதிக்குக் கிரீஸோ பிளாஸ்டிக் உறையோ போட வேண்டும். கான்கிரீட் அதன்மேல் வழுக்கி நகரும், ஆனால் சக்கரம் ஏறும்போது பாரம் அடுத்த பேனலுக்குப் போகும். கம்பி கோணலாக நின்றால் அதுவும் பூட்டிக்கொள்ளும்.

இடைவெளியும் தப்பு. தடிமனில் 24 மடங்கு என்று வைத்தால் 4.8 மீட்டர்தான் வருகிறது. 7.5 என்பது 37 மடங்குக்கு மேல். பேனலும் கூடியவரை சதுரமாக இருக்க வேண்டும். எங்களுடையதில் நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 45 மீட்டரைப் பத்தாகப் பிரித்திருந்தால் 4.5-க்கு 4.5, கணக்கு அப்படியே பொருந்தியிருக்கும். இதைப் பார்க்காதவருக்கு எதற்கு 20,000?

சீலண்ட் கதை தனி. ஏப்ரல் வெயிலில் தார் இளகி ஃபோர்க்லிஃப்ட் டயரோடு நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. டீசல் நிரப்பும் இடத்தில் சொட்டு விழுந்து விழுந்து தார் கரைந்தே போய்விட்டது. டீசல் படும் இடத்துக்குப் பாலிசல்ஃபைடு, மற்ற இடத்துக்கு சிலிக்கோன் என்று பெரியவர் மாற்றச் சொன்னார்.

சுக்கலாக நொறுங்கிய கேட் பக்கத்து மூன்று பேனலை உடைத்து, நடுவில் ஜாயிண்ட் வைத்து, டவல் போட்டு மறுபடி ஊற்ற 1,60,000. குறிப்புக்குக் கொடுத்த 20,000 சேர்த்து 1,80,000 ரூபாய். விரிசல் விடாத 19 பேனலையும் நடுவில் அறுத்துவிட்டோம். அங்கே அடியில் டவல் கிடையாது. பெரிய லாரியை அந்தப் பக்கம் விடுவதில்லை. 1,80,000 ரூபாய், ஒரு பைசா திரும்பவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. இவ்வளவுதான்: இடைவெளியைத் தடிமனால் வகுத்துப் பாருங்கள், 24-ஐத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள். டவலுக்கும் டை பாருக்கும் ஒரே கம்பி எழுதியிருந்தால் அந்தக் குறிப்பை வாங்காதீர்கள். உங்கள் யார்டில் இல்லாத பொருள் குறிப்பில் இருந்தால் அன்றைக்கே போன் போடுங்கள். சீலண்ட் ஊற்றும் முன் அடியில் பேக்கர் ராட் என்கிற நுரைக் கயிறு போடச் சொல்லுங்கள், எங்களுக்கு அதைக்கூட எழுதவில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள்.