கம்ப்ரஸர் பராமரிப்பு நோட்டு: மூன்று வருட அனுபவம்

எங்கள் பட்டறையில் பெல்ட்டில் ஓடும் இரண்டு ஸ்டேஜ் பிஸ்டன் கம்ப்ரஸர் ஒன்று இருக்கிறது. அதன் பராமரிப்பை நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் நோட்டால் ஒரு பயனும் இல்லை. பக்கம் முழுக்க டிக் மட்டும்தான். மெஷின் நன்றாக ஓடிய வாரமும் கெட்டுக்கொண்டிருந்த வாரமும் ஒரே மாதிரி தெரியும்.

அப்புறம் டிக்கை நிறுத்திவிட்டு, ‘கண்டது’ கட்டத்தில் அளந்ததையோ பார்த்ததையோ மட்டும் எழுத ஆரம்பித்தோம். வேலை வரிசையையும் மாற்றவில்லை. திங்கள் காலை மெயின் சுவிட்சை அணைத்து ஆயில், பெல்ட் பார்ப்போம். பிறகு டேங்கில் காற்றும் தண்ணீரும் முழுக்க வடியவேண்டும். அவுட்லெட் வால்வை மூடி, மெஷினைப் போட்டு, அழுத்தம் 7 கிலோ ஏற எவ்வளவு நேரம் என்று பார்ப்போம். வடிக்காமல் நேரம் பார்த்தால் கணக்கு பொய்யாகிவிடும். உள்ளே கிடக்கும் தண்ணீர் இடத்தை அடைப்பதால் டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

2025 மார்ச்சில் எழுதியது இது:

| தேதி | 7 கிலோ ஏறிய நேரம் | கண்டது, செய்தது | செய்தவர் / பார்த்தவர் |
|---|---|---|---|
| 3.3 | 5 நி. 10 வி. | குறை காணவில்லை | மு / ரா |
| 10.3 | 5 நி. 15 வி. | குறை காணவில்லை | மு / ரா |
| 17.3 | 5 நி. 50 வி. | பெல்ட் வழுக்கவில்லை. அணைத்தபின் 10 நிமிடம் முள் இறங்கவில்லை | செ / ரா |
| 24.3 | 6 நி. 30 வி. | ஃபில்டரில் காற்று திரும்புகிறது; வால்வு கழற்றிச் சுத்தம்; மறுபடி 5 நி. 10 வி. | மு / ரா |

17-ம் தேதி வரிதான் எங்களுக்கு வழி காட்டியது. டேங்க் ஒழுகவில்லை, பெல்ட்டும் சரி, அப்படியானால் குறை பம்பில்தான். அடுத்த வாரம் ஓடும்போது ஏர் ஃபில்டர் வாயில் கையை வைத்தோம். காற்றை இழுக்கவேண்டிய இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் ‘புஸ்’ என்று கையில் வந்து மோதியது. கழற்றினால், முதல் ஸ்டேஜின் சக்‌ஷன் வால்வுத் தகட்டில் கரி ஒட்டி, தகடு முழுக்கப் படியாமல் நின்றது. சுத்தம் செய்து புது கேஸ்கட் போட்டோம். நேரம் பழையபடி வந்த பிறகுதான் வரியை முடித்தோம்.

இரண்டாவது கையெழுத்து வெறும் ஒப்புதலாக இருந்தால் வீண். எங்கள் பட்டறையில் பார்த்தவர் ஏதாவது ஒரு சோதனையைத் தானே செய்து பார்த்த பிறகே போடுவார். தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுவோம். அழிப்பது கிடையாது, பழைய எண்ணும் படிக்கத் தெரியவேண்டும்.

டேங்க் உள்ளே துருப்பிடித்துத் தகடு மெலிவதை மட்டும் இந்த நோட்டு காட்டாது. அதற்குத் தகுதியானவர் வந்து தடிமன் அளந்து, தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யவேண்டும். அந்தச் சோதனைக்கு அடுத்த தேதி எது என்று நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்.