தேதி வாரியா, பிரச்சினை வாரியா? 34 பக்கக் கேஸ் ஷீட் ஒரு பக்கமாகும்போது தொலைபவை

சேலத்து மருத்துவமனை ஒன்றின் மெடிசின் வார்டில் ஆறு நாள் இருந்துவிட்டு ஏற்காட்டுக்குத் திரும்பும் ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளியை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். வயது 52, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும் சாப்பிட்டு வந்தவர். காய்ச்சலோடு வந்தார், மறுநாள் இடுப்பில் கருகிய புண் தெரிய, ஸ்க்ரப் டைஃபஸ் என்று உறுதியானது. அவருடைய கேஸ் ஷீட் 34 பக்கம். அதை ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியாக்க வார்டுகளில் இரண்டு வழிகள் புழங்குகின்றன.

முதல் வழி, தேதி வரிசையிலேயே சுருக்குவது. டியூட்டி டாக்டர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே எழுதிவிடலாம் என்பதால் கூட்டமான நாள்களில் இதுவே வெல்கிறது. விளைவு இப்படி இருக்கும்: "முதல் நாள் கிரியாட்டினின் 2.6, மெட்ஃபார்மின், எனலாப்ரில் நிறுத்தம். நான்காம் நாள் கிரியாட்டினின் 1.9. ஆறாம் நாள் 1.5, நலமுடன் வீடு திரும்பினார்." இதில் ஒரு தகவலும் பொய்யில்லை. ஆனால் மாத்திரைகள் ஏன் நின்றன, மீண்டும் எப்போது தொடங்குவது என்பது எங்கும் இல்லை. மலையில் அவரை அடுத்துப் பார்க்கும் மருத்துவர், பழைய சீட்டில் இருப்பதையே மறுபடி எழுதிக்கொடுக்க இதுவே போதும்.

இரண்டாம் வழி, பிரச்சினை வாரியாகப் பிரிப்பது. அதே செய்தி இங்கே இவ்வாறு அமைகிறது: "சிறுநீரகப் பாதிப்பு: காய்ச்சலாலும் நீரிழப்பாலும் கிரியாட்டினின் 2.6 வரை ஏறி, 1.5க்கு இறங்கியுள்ளது, இன்னும் இயல்புக்கு வரவில்லை. ஆகவே மெட்ஃபார்மினும் எனலாப்ரிலும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளன. அதுவரை காலை மாலை இன்சுலின்." காரணமும் முடிவும் ஒரே இடத்தில் நிற்பதால், படிப்பவர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதைத் தேடவேண்டியதில்லை. எழுதுபவருக்கோ இது இரு மடங்கு வேலை. 34 பக்கத்தையும் படித்து முடிக்காமல் முதல் வரியைக்கூட எழுத முடியாது.

இதுவரை இரண்டாம் வழியே மேல் என்று தோன்றும். என் கட்சியும் பெரும்பாலும் அதுதான். ஆனால் இந்தக் கேஸில் மூன்றாம் நாள் இரவு நர்ஸ் குறிப்பில் ஒரு வரி உண்டு: செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போட்ட அரை மணியில் உடம்பெங்கும் தடிப்பு, அரிப்பு, ஏவில் போட்டதும் அடங்கியது, அந்த ஊசி மறுநாளிலிருந்து இல்லை. ஸ்க்ரப் டைஃபஸ், சிறுநீரகம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்ற நான்கு தலைப்புகளில் இந்த வரிக்கு வீடில்லை. தேதி வரிசையில் எழுதியவர் கண்ணில் இது பட்டே தீரும். பிரச்சினை வாரியாக எழுதியவரோ, டாக்டர் குறிப்புகளை மட்டும் படித்திருந்தால், இப்படி ஒன்று நடந்ததையே அறியமாட்டார். ஒவ்வாமை என்ற கட்டம் "இல்லை" என்று நிரம்பிவிடும், ஏனெனில் சேர்க்கையின்போது அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆகவே, பிரச்சினை வாரியாக எழுதிவிட்டு, மருந்து ஷீட்டை மட்டும் தேதி வரிசையில் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. பாதியில் நின்ற ஒவ்வொரு மருந்துக்கும் சம்மரியில் ஒரு காரணம் இருக்கிறதா என்று கேட்டால் போதும். செஃப்ட்ரியாக்ஸோன் அந்தக் கேள்வியில் சிக்கிவிடும். பிளேட்லெட் எண்ணிக்கையின் ஆறு நாள் பட்டியல் தேவையில்லை. குறைந்தபட்ச அளவும் கடைசி அளவும் போதும்.

வீட்டுக்கான குறிப்பிலும் இதே வேறுபாடு எட்டிப்பார்க்கிறது. "டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., இரு வேளை, 7 நாள்" என்பது வார்டு ஆர்டரின் நகல். முதல் நாள் மாலை தொடங்கிய மருந்து ஆறாம் நாள் காலையோடு பத்து வேளை ஆகிவிட்டது. மிச்சம் நான்கே. நகலை வாங்கிப்போனவர் வீட்டில் புதிதாக ஏழு நாள் சாப்பிடுவார். "இன்று மாலை முதல் நாளை மறுநாள் காலை வரை, மொத்தம் 4 மாத்திரை, தம்ளர் நிறையத் தண்ணீரோடு, விழுங்கியதும் படுக்காமல்" என்று எழுதினால் குழப்பமில்லை.

"ஒரு வாரத்தில் ரிவ்யூ" என்பதும் அப்படிப்பட்டதே. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். எதற்கு வருகிறோம் என்று தெரியாவிட்டால் காய்ச்சல் விட்டபின் வரமாட்டார். பின்தொடர்தல் பகுதியை நான் இப்படி எழுதுவேன்: "வீடு திரும்பிய ஏழாம் நாள் கிரியாட்டினின் பரிசோதனை, முடிவோடு மெடிசின் ஓ.பி.க்கு வரவும். ஜி.எஃப்.ஆர். 45க்கு மேல் வந்திருந்தால் மெட்ஃபார்மின் மீண்டும் தொடங்குவது பற்றி அன்றே முடிவு. எனலாப்ரில், ரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்தபின். ரத்தக் கல்ச்சரின் இறுதி முடிவு இன்று மாலை வரும். யூனிட் டாக்டர் பார்த்து, கிருமி வளர்ந்திருந்தால் நோயாளியின் மகனுக்கு போனில் சொல்வார். சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் திரும்பினாலோ ஏழு நாள் காத்திருக்கவேண்டாம்."