அம்மாவின் கேமராவை அணைத்த பிறகு

போன வாரம் சிங்கப்பூர் தேக்காவில் மீன் வாங்கும்போது தோழி கேட்டாள்: "ஊருக்குப் பேச எந்த ஆப் நல்லது? மாமியார் பேசுறது ஒண்ணுமே புரியமாட்டேங்குது." வாட்ஸ்அப் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பாதிப் பதில்தான்.

நாங்கள் ஈசூனில், அக்கா மலேசியாவின் ஈப்போவில், அம்மா அறந்தாங்கிப் பக்கம் கிராமத்தில். ஞாயிறு இரவு எட்டரைக்கு, ஊரில் அப்போது ஆறு மணி, எல்லாரும் கூடுவோம். ஸ்கைப்பில் தொடங்கினோம், 2025 மே மாதம் அது மூடப்படும் முன்பே விட்டுவிட்டோம். ஃபேஸ்டைமில் ஆண்ட்ராய்டுக்காரர் லிங்க் வழியாகச் சேரலாம், தானாகக் கூப்பிட முடியாது. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். எங்கள் வீட்டில் "சாப்பிட்டாச்சா"வுக்கே பத்து நிமிடம் போய்விடும். மிஞ்சியது வாட்ஸ்அப்பும் கூகுள் மீட்டும்.

இரண்டிலும் ஒரே தொல்லை. நாங்கள் பேசுவது அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்கும். அம்மா குரல் மட்டும் தகரத்தை உரசுவதுபோல் வெட்டி வெட்டி வரும். உடனே நான் என் கேமராவை அணைப்பேன். ஒன்றும் மாறாது. எத்தனையோ மாதம் செயலியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தப்பு என்னுடையது. கிராமத்து சிக்னலில் போனுக்கு வந்து இறங்கும் வேகம் ஓரளவு இருந்தாலும் போனிலிருந்து ஏறும் வேகம் குறைவு. குரலுக்குச் சில பத்து கிலோபிட் போதும். வீடியோவுக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். அம்மாவின் போன் அந்தக் குறுகிய வழியில் அவர் முகத்தையும் அனுப்பப் பார்க்கிறது, குரல் நசுங்குகிறது. ஆகவே யார் குரல் உடைகிறதோ அவர் கேமராவைத்தான் முதலில் அணைக்க வேண்டும். நம் குரல் அங்கே கேட்கவில்லை என்றால்தான் நம்முடையதை அணைத்துப் பார்க்கணும்.

"கேமராவ நிறுத்துங்கம்மா" என்றேன். நாலைந்து நொடியில் குரல் பளிச்சென்று வந்தது. பேரப்பிள்ளைகள் முகம் அவருக்குத் தொடர்ந்து தெரிந்தது. தோட்டத்துக் கத்தரிக்காய் விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் ஒரு சொல் விடாமல் கேட்டோம். போன முறை ஊருக்குப் போனபோது அவர் போனிலேயே வாட்ஸ்அப் அமைப்பில் Use less data for calls என்பதையும் போட்டுவிட்டேன். என் போனில் மட்டும் போட்டால் அம்மா பக்கத்துக்கு முழுதாக உதவாது.

நியாயமாகச் சொன்னால், சிக்னல் தள்ளாடும்போது என் காதுக்கு மீட்தான் கொஞ்சம் மேல். ஆனாலும் வாட்ஸ்அப்தான். அம்மாவுக்கு அந்தப் பச்சைப் படம் மட்டும்தான் தெரியும். புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

அவருக்கும் என்மேல் கோபம்தான். "மூஞ்சி காட்டாம பேசுறதுக்கு பழைய போனே போதுமே" என்கிறார். கடைசி ஐந்து நிமிடம் கேமராவைப் போட்டுக்கொள்ள விடுகிறேன். அப்போது ஒன்றும் கேட்பதில்லை, கையை ஆட்டிக்கொண்டிருக்கிறோம்.