ரேஷன் கடைல "பருப்பு இன்னும் வரல"ன்னு சொன்னா நம்பறதுக்கு முன்னாடி, பில் போட்டதும் போனுக்கு வர்ற மெசேஜைப் பாருங்க

எங்க அம்மா கார்டுல நடந்தது இது. கடை பேரு, ஆள் பேரு எதுவும் போடல, எந்த ஊர்ல வேணா நடக்கலாம்.

அம்மா, அப்பா, தம்பி, மூணு பேர் கார்டு. சில மாசத்துக்கு முன்னாடி ஒரு 5ம் தேதி அம்மா கடைக்குப் போயி மெஷின்ல விரல் வச்சு 20 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ சக்கரையும் வாங்கிட்டு வந்தாங்க. பருப்பு, பாமாயில் கேட்டதுக்கு சேல்ஸ்மேன், "இன்னும் லோடு வரலம்மா, அடுத்த வாரம் வாங்க"ன்னு சொல்லிருக்கான். அம்மாவும் சரின்னு வந்துட்டாங்க. ஏன்னா அப்படி நிஜமாவே நடந்திருக்கு, 2024ல மே மாசப் பருப்பும் பாமாயிலும் லேட்டாகி ஜூன்ல வாங்கிக்கலாம்னு அரசே அறிவிச்சாங்க இல்லையா, அதுக்கப்புறம் "வரல"ன்னா யாரும் கேள்வி கேக்கறதில்ல.

12ம் தேதி மறுபடி போனாங்க. "இன்னும் வரல." 20ம் தேதி போனப்ப பேச்சு மாறிடுச்சு, "வந்துச்சு, முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் சேத்துத் தரேன்."

சாயந்தரம் திருப்பூர்ல இருக்குற தம்பிகிட்ட போன்ல பேசுறப்ப அம்மா இதைச் சொல்லி புலம்புறாங்க, அவன் "என்னம்மா சொல்ற, நீதான் 5ம் தேதியே எல்லாம் வாங்கிட்டியே, எனக்கு மெசேஜ் வந்துச்சே"ங்கறான். கார்டுல அவன் நம்பர்தான் பதிவாயிருக்கு. மெசேஜை எனக்கு ஃபார்வர்டு பண்ணான். அரிசி 20, சக்கரை 1.5, துவரம்பருப்பு 1, பாமாயில் 1, தொகை 92 ரூபா 50 காசு. அம்மா குடுத்தது 40 ரூபா, சில்லறை இல்லன்னு மிச்ச ரெண்டரை ரூபாயும் வரல, அது வேற கதை.

கணக்கு போட்டுப் பாருங்க. சக்கரை கிலோ 25, ஒன்றரை கிலோவுக்கு 37.50. பருப்பு 30, ஆயில் 25. மொத்தம் 92.50. அப்ப அம்மா குடுக்காத 55 ரூபாயை யார் கட்டினா? அந்த சேல்ஸ்மேனேதான். பில் போட்டா அந்தப் பணத்தை கூட்டுறவு சங்கத்துல கட்டியாகணும், அதனால கைக்காசைப் போட்டுக் கட்டிடறான். 30 ரூபா கட்டி எடுத்த பருப்பை வெளிய வித்தா நூறு ரூபாய்க்கு மேல வருதே, நஷ்டமா அவனுக்கு?

இதுல விரல் எதுக்குன்னு எனக்கு முதல்ல புரியல. கார்டுக்காரங்க வந்து விரல் வைக்காம சும்மா பில் போட முடியாது. அதனால வாங்க வராத கார்டை விட, அரிசிக்குன்னு வர்ற கார்டுதான் வசதி. ஒரு தடவை விரல் வச்சாப் போதும், அந்த பில்லுல என்னென்ன பொருளை ஏத்தறான்னு நமக்குத் தெரியாது. பிரிண்ட் பண்ண பில்லையும் கேட்டாதான் தருவாங்க, பாதி நாள் பேப்பர் ரோல் இல்லம்பாங்க.

நான் நேரா கடைக்குப் போயி சண்டை போட்டேன், ஒண்ணும் நடக்கல. "ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பாருங்கக்கா, எல்லாம் கரெக்டா இருக்கு"ன்னான். அவ்ளோ தைரியமா சொல்றானேன்னு ரெண்டாம் சனிக்கிழமை தாலுகா ஆபீஸ்ல நடக்குற பொது விநியோகக் குறைதீர் முகாம்ல மனு குடுத்தேன். ரேஷன் பதிவேடுகளை பொதுமக்கள் பாக்கலாம்னு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 27வது பிரிவு சொல்லுது, அதையும் மனுவுல எழுதினேன். அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்தவங்க என்னையும் கூப்பிட்டாங்க.

ரிஜிஸ்டர்ல அந்த மாசப் பருப்புக் கணக்கு எழுதின பக்கத்துல இருந்தது இதுதான். முன்னிருப்பு 35 கிலோ, வரவு 700, ஆக மொத்தம் 735. மாசம் முழுக்க விற்பனை 712. மீதி 23. அதுக்கப்புறம் நடந்த வரவு விற்பனையையும் சேத்து கடைல எடை போட்டுப் பாத்தா நோட்டுல இருக்குற மாதிரியே சரியா இருக்கு! வந்த சாரும் "சரியாத்தானேம்மா இருக்கு"ன்னு நோட்டை மூடப் போனாரு.

இங்கதான் நாம ஏமாறுறது. ரிஜிஸ்டர் பாக்கறது குடோன்லருந்து வந்தது எவ்ளோ, பில் போட்டது எவ்ளோ, மிச்சம் எவ்ளோங்கறத மட்டும்தான். பில் போட்ட பருப்பு கார்டுதாரர் பையில விழுந்துச்சான்னு அதுக்குத் தெரியாது. எடுக்க நினைக்கிற பருப்பை பில் போடாம எடுத்தா மூட்டை குறையும், ஆய்வுல மாட்டுவான். பில் போட்டுட்டு எடுத்தா நோட்டும் மூட்டையும் அச்சு பிசகாம ஒத்துப்போகும். அதான் அவனுக்கு அவ்ளோ தைரியம்.

நான் ரெண்டு விஷயத்தைக் காட்டினேன். ஒண்ணு, அந்த நோட்டுலயே வரவு 700 கிலோன்னு எழுதியிருக்குற தேதி 3. அம்மாகிட்ட "லோடு வரல"ன்னு சொன்னது 5ம் தேதி, 12ம் தேதி. சார் திரும்பி அவனைப் பாத்தாரு, அவன் மேல பாத்தான்.

இன்னொண்ணு, அதுக்கு முந்தின நாலு நாள் எங்க தெருவுலயும் பக்கத்துத் தெருவுலயும் வீடு வீடாப் போயி கேட்டு வச்சிருந்தேன். 26 கார்டுல மெசேஜைப் பாத்தோம். 9 கார்டுல பருப்பு பில் ஆயிருக்கு, பருப்பு வரல. பாத்தா ஒன்பதும் ஒரே மாதிரி வீடு. வயசானவங்க கடைக்குப் போறாங்க, போன் வெளியூர்ல இருக்குற புள்ளைகிட்ட. போனைக் கைல வச்சுட்டு நிக்கிற ஒருத்தர் கார்டுலயும் இது நடக்கல, ஒருத்தர் கூட இல்ல. ரெண்டு வீட்டுல மட்டும் மெசேஜை அழிச்சுட்டாங்க, அதை ரேஷன் கார்டுக்குன்னு இருக்குற TNePDS ஆப்ல பரிவர்த்தனை விவரத்துல பாத்து எடுத்தோம்.

அவன் தரப்பையும் சொல்லிடறேன். குடோன்லருந்து வர்ற மூட்டைல ரெண்டு மூணு கிலோ குறையுது, சாக்கு எடையே அரை கிலோவுக்கு மேல, ஆய்வுல குறைஞ்சா அபராதம் எங்க தலைலதானேன்னு அழுதான். அது பொய் இல்ல, ரேஷன் ஊழியர்கள் ரொம்ப நாளா சொல்ற புகார்தான். ஆனா குறையுற மூட்டைக்கு குடோன்ல எடை போட்டு வாங்கணும், எங்கம்மா பருப்புல ஈடு கட்டக்கூடாது. அதுவுமில்லாம குறையுறது அரிசி மூட்டைல, எடுத்தது பருப்பு.

அந்த 9 கார்டுக்கும் பருப்பு ஆயில் குடுக்க வச்சாங்க, அபராதம் போட்டாங்க, ரெண்டு மாசத்துல வேற கடைக்கு மாத்திட்டாங்க. அந்தப் புதுக் கடைல கார்டு வச்சிருக்கறவங்களுக்கு இப்ப யார் சொல்றது? அதான் எழுதறேன்.

"அடுத்த மாசம் சேத்துத் தரேன்"ன்னா அன்னிக்கே மெசேஜைப் பாருங்க. பில் ஆகலைன்னா, அரசு நீட்டிச்சா அடுத்த மாசம் கிடைக்க வாய்ப்பிருக்கு. பில் ஆயிட்டா அந்த மாச ஒதுக்கீடு உங்க பேர்ல முடிஞ்சுது, அவன் எங்கருந்து சேத்துத் தருவான். உடனே 1967க்கு இல்லன்னா 1800-425-5901க்கு கூப்பிட்டு புகார் பண்ணுங்க, மெசேஜ் தேதியும் குடுத்த பணமும் சொல்லுங்க. கார்டுல எந்த நம்பர் இருக்குன்னு பாத்து, கடைக்குப் போறவங்க நம்பரா மாத்திடுங்க.

எங்க கார்டுல தம்பி நம்பரை எடுத்துட்டு அம்மா நம்பரையே போட்டுட்டோம். அவங்களுக்கு படிக்கத் தெரியாது, ஆனா இந்த மாசம் கவுன்டர்லயே நின்னு, புது சேல்ஸ்மேன்கிட்டயே போனை நீட்டி "இதுல என்ன போட்டிருக்கு, சத்தமாப் படி தம்பி"ன்னாங்களாம். வரிசைல நின்ன எல்லாரும் கேக்கற மாதிரி படிச்சிருக்கான்.