கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் பெட்டியில் இறக்குமதி ஸ்டிக்கரைத் தேடுங்கள்

டாலஸில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு நேற்று அனுப்பியதை அப்படியே இங்கே போடுகிறேன். கார்டு வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

அண்ணா, டிசம்பரில் வரும்போது ஒரு கார்டு வாங்கி வர முடியுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? எந்தக் கார்டு என்று பேசுவதற்கு முன், பழையது என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இங்கே ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினேன். மற்ற கடைகளைவிட 3,000 ரூபாய் குறைவு. மூன்று வருட வாரண்டி என்று கடைக்காரர் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். ஏழாவது மாதம், பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள் வந்தன. அதன்பின் படமே வரவில்லை. சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரை அடித்துப் பார்த்தவர், இது இந்தியாவில் விற்க வந்த கார்டே இல்லை, இங்கே வாரண்டி கிடையாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்குப் போனால், "அது கம்பெனி வாரண்டி சார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்கிறார்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. அந்தக் கார்டைத்தான் விற்றார்கள் என்று நான் எதை வைத்துக் காட்டுவேன்?

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. முறையாக வந்த பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். சட்டப்படி இருந்தாக வேண்டும். என் பெட்டியில் எதுவுமே இல்லை. வாங்கும்போது அரை நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

இப்போது உங்கள் விஷயம். எனக்கு வேண்டியது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. வெளியானபோது அறிவித்த விலை 429 டாலர். உங்கள் ஊர் விற்பனை வரி 8.25 சதவீதம் சேர்த்தால் 464 டாலர். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 40,900. இங்கே ஸ்டிக்கரோடும் ஜிஎஸ்டி பில்லோடும் 47,000 சொல்கிறார்கள். மிச்சம் 6,000 தான். அதற்காக மூன்று வருட வாரண்டியை மறுபடி இழக்க எனக்கு மனமில்லை.

அதனால் ஓர் உதவி. அங்கே கிடைக்கும் 16 ஜிபி கார்டுகளில் எந்த கம்பெனி இந்தியாவிலும் சர்வீஸ் தரும் என்று அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தானா, பில் உங்கள் பெயரில் இருந்தால் நான் இங்கே சர்வீஸுக்குக் கொடுக்கலாமா என்பதையும் கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது வேண்டாம், எழுத்தில் வேண்டும்.

அப்படி ஒன்று கிடைத்தால், கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போதே வாங்கி, உங்கள் கணினியில் போட்டு தினமும் ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். சீல் பிரிக்காமல் கொண்டு வந்தால், இங்கே கோளாறு தெரிவதற்குள் அங்கே திருப்பிக் கொடுக்கும் நாள் முடிந்துவிடும். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம் அண்ணா, நான் இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.